புத்தகச் சுருக்கம் ஒரே பதிவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பதிவு எழுத உட்கார்ந்து, பாதியில் விட்டுவிடுகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால், உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலையே முதலிலிருந்து கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நூல் பெரியது, பலருக்குப் பழக்கமானது. சுருக்க வருகிறவர்கள் வழி தவறுவதற்கான எல்லா இடங்களும் அதில் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய புத்தகத்தை ஒரே பதிவில் எப்படி அடக்குவது?

அடக்க முடியாது. ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயம். 1940 முதல் 1942இல் அவர் காலமாகும் வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது; முடிவடையாமலே நின்றது; 1950இல் புத்தகமானது. அத்தியாயத்துக்கு ஒரு வரி என்று வைத்தாலும் 122 வரி வந்துவிடும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். படித்தாலும் ஒன்றும் நிற்காது.

ஆகவே பதிவில் புத்தகத்தைச் சிறிதாக்க முயல வேண்டாம். புத்தகத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து, அது புத்தகத்தில் எங்கே இருந்தது, ஏன் முக்கியம் என்று சொன்னால் போதும். மிச்சம் 121 அத்தியாயத்தை விடுவதற்கு மனம் வராதுதான். எனக்கும் வருவதில்லை. ஆனால் அந்த நூல் மேல் மரியாதை இருப்பதால்தான் விடுகிறோம். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போகிற பதிவைப் படித்தவர், புத்தகத்தையே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஒன்றை நன்றாகச் சொன்னால் மிச்சத்தைத் தேடிப் போவார்.

கருத்து, தலைப்பு ரெண்டும் ஒன்றுதானே?

இந்த ஒரு குழப்பம்தான் பாதிப் பதிவுகளைக் கெடுக்கிறது. ‘ஓலைச்சுவடி தேடல்’ என்பது தலைப்பு. ‘குருபக்தி’ என்பதும் தலைப்பு. அவற்றை ஒருவர் ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கருத்து என்றால் அதில் வினைச்சொல் இருக்க வேண்டும், யாராவது ‘அப்படியா? உண்மையாகவா?’ என்று திருப்பிக் கேட்க இடமிருக்க வேண்டும்.

‘உ.வே.சா. சுவடிகளைத் தேடி அலைந்தார்’ என்பதில் வினைச்சொல் இருக்கிறது, ஆனால் அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ‘தமிழ்ப் படிப்பில் ஊறிய அவரே 25 வயது வரை சீவகசிந்தாமணியைப் படித்ததில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அங்கே கருத்தின் வாசனை வருகிறது.

சரி, அந்த ஒரு கருத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

முடித்த அன்றைக்கே தேடாதீர்கள். கடைசியாகப் படித்த பக்கங்கள் மனதில் பெரிதாக நிற்கும். இரண்டு மூன்று நாள் விட்டு, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, நினைவில் வருகிறதை ஒரு தாளில் எழுதுங்கள். நான் ‘என் சரித்திரம்’ நூலுக்கு அப்படி எழுதியபோது மூன்று விஷயம் வந்தது.

முதலாவது, குரு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் சேர்ந்து, 1876இல் அவர் இறக்கும் வரை கூடவே இருந்தது. நூலின் மிக உருக்கமான பக்கங்கள் அவை. இரண்டாவது, சுவடிகளைத் தேடி ஊர் ஊராகப் போனது. மூன்றாவது, கும்பகோணத்தில் ஒரு சந்திப்பு.

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1880இல் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆகிறார். அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீப்பாக வருகிறார். உ.வே.சா. மரியாதைக்காகப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள் என்று அடுக்குகிறார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டால் யாரும் மலைத்துப் போவார்கள். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, பழைய நூல்களுக்கு வருகிறார். சீவகசிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? எதுவும் படித்ததில்லை. பிள்ளையவர்களும் படித்ததில்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் தைரியம் உண்டு என்கிறார் உ.வே.சா. அப்புறம் முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார்.

இப்போது மூன்றில் எதை வைப்பது? நான் இரண்டு கேள்வி போட்டுப் பார்ப்பேன்.

முதல் கேள்வி: புத்தகத்தைத் திறக்காமலே இதை நான் சொல்லியிருக்க முடியுமா? சுவடி தேடல் இங்கேயே விழுந்துவிடுகிறது. பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே அது வந்துவிட்டது. அதை எழுத 122 அத்தியாயம் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: புத்தகத்தின் இரண்டு பாதியையும் இது சேர்த்துப் பிடிக்கிறதா? இந்தக் கேள்விதான் முக்கியம். குருபக்தியை எடுத்தால் முன்பாதி முழுவதும் அதற்குள் வந்துவிடும். ஆனால் பின்பாதியில் வரும் பதிப்பு வேலைகள் வெளியே நிற்கும். சுவடி தேடலை எடுத்தால் நேர்மாறு. கும்பகோணச் சந்திப்பு மட்டும் இரண்டையும் கட்டுகிறது. முன்பாதியில் அவர் படித்த படிப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு ஆழமாகக் குத்துகிறது. பின்பாதியில் அவர் செய்த வேலை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில். புத்தகத்தின் கீல் அங்கே இருக்கிறது. சுயசரிதை, வரலாறு, ஆராய்ச்சி நூல் எதுவானாலும் இப்படி ஒரு கீல் இருக்கும். பெரும்பாலும் முன்னுரையில் இருக்காது, முடிவுரையிலும் இருக்காது. பாதியைத் தாண்டி எங்கேயோ, சத்தமில்லாமல் இருக்கும்.

அந்தச் சந்திப்பை ஒரு கருத்தாக்கினால் இப்படி வருகிறது: அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த தமிழ்ப் படிப்பிலேயே தமிழின் பழைய காப்பியங்கள் இல்லை, படித்தவருக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை, வெளியிலிருந்து ஒருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இரண்டு கருத்து சமமாக நன்றாக இருந்தால் இரண்டையும் வைக்கலாமா?

வைக்க வேண்டாம். இரண்டாவதற்கு இன்னொரு பதிவு எழுதுங்கள். இதே நூலில் எனக்கு அந்தச் சங்கடம் வந்தது. சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கிய உ.வே.சா.வுக்குப் பல இடங்கள் புரியவில்லை. அது சமண காப்பியம், அவர் வளர்ந்த படிப்பில் சமணம் இல்லை. கும்பகோணத்திலேயே சிந்தாமணியைப் பாராயணம் செய்யும் சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து, ஒரு வீட்டுக்குப் போகிறார். வீடு விசேஷத்துக்குத் தயாரானது போல இருக்கிறது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து வந்தோம், இன்றைக்குப் பூர்த்தியாயிற்று என்கிறார்கள். உ.வே.சா.வும் அவருடைய குருவும் படித்திராத நூல், அதே ஊரில் வேறொரு தெருவில் விழாக் கொண்டாடப் படிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் முதல் பதிவில் வைக்கவில்லை. இதில் இருக்கிற கருத்து வேறு: ஒரு நூலின் பொருள் அதைப் போற்றுகிற சமூகத்திடம் உயிரோடு இருக்கும், பதிப்பாசிரியர் அவர்களிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும் என்பது. இரண்டையும் ஒரே பதிவில் வைத்தால், படிக்கிறவர் இரண்டு காட்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு கருத்தையும் விட்டுவிடுவார். நானே அப்படி ஒரு பதிவு எழுதிப் பார்த்து அழித்தேன்.

படிக்கும்போதே குறிப்பு எடுக்க வேண்டுமா?

பக்க எண் மட்டும் போதும். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு, கடைசி வெற்றுத்தாளில் பக்க எண்ணும் இரண்டு வார்த்தையும். நீளமாகக் குறிப்பு எடுத்தால், எழுதும்போது அந்தக் குறிப்புகளே பதிவாகிவிடும். இரவல் புத்தகமென்றால் துண்டுத் தாளை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

எழுதியே காட்டுங்களேன்?

முதலில் எல்லோரும் எழுதுகிற வரைவைக் காட்டுகிறேன். நான் எழுதிய முதல் வரைவும் இதுதான்.

> தமிழ்த் தாத்தா உ.வே.சா. 1855இல் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். பின்பு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். பல ஊர்களுக்குச் சென்று சுவடிகளைத் தேடினார். சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை போன்ற நூல்களைப் பதிப்பித்தார். அவரது அயராத உழைப்பை இந்நூல் அழகாகச் சொல்கிறது. அனைவரும் படிக்க வேண்டிய நூல்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நூலைத் திறக்காதவர்கூட இதை எழுதிவிட முடியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது அந்த ஒரு கருத்துக்கு வேண்டுமா என்று கேட்டால், கும்பகோணம், கல்லூரி, சிந்தாமணி என்ற மூன்று சொல்தான் தேறும். ‘அயராத உழைப்பு’, ‘அழகாகச் சொல்கிறது’, ‘அனைவரும் படிக்க வேண்டிய’ மூன்றும் எந்தப் புத்தகத்தின் மேலும் ஒட்டும். அப்படி ஒட்டுகிறதை எல்லாம் கிழித்துவிடுங்கள்.

திருத்தி எழுதியது:

> கும்பகோணம், 1880. கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று பெரிய பட்டியல் சொல்கிறார். முன்சீப் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஒன்றுமே இல்லை. அவருடைய குருவும் அவற்றைப் படித்ததில்லை.
>
> அந்த ஆசிரியர் உ.வே.சாமிநாதையர். ‘என் சரித்திரம்’ நூலில் எனக்குத் தங்கியது இது: அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த தமிழ்ப் படிப்பிலேயே தமிழின் பழைய காப்பியங்கள் இல்லை. படித்தவருக்கு அது குறையாகவும் தெரியவில்லை. வெளியே இருந்து ஒருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஏழு வருஷம் கழித்து, 1887இல், சிந்தாமணியை அவரே பதிப்பித்தார்.

எழுபது வார்த்தைக்குப் பக்கம் வரும். காட்சி முன்னால் வருகிறது, கருத்து பின்னால். ஆசிரியர் பெயரை இரண்டாம் பத்தி வரை தள்ளினேன். ‘உ.வே.சா.’ என்று முதல் வரியிலேயே போட்டால், தெரிந்த கதைதானே என்று விரல் அடுத்த பதிவுக்குப் போய்விடும். முதலியார் பெயரை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. தமிழுக்கு அவர் செய்த உதவி அப்படிப்பட்டது. ஆனால் இந்தப் பதிவில் அவர் யார் என்பதைவிட, பண்டிதர் அல்லாத ஓர் உத்தியோகஸ்தர் என்பதுதான் வேலை செய்கிறது. ‘முன்சீப்’ என்ற சொல் அதைச் செய்துவிடுகிறது. 1887 என்ற வருஷத்தை மட்டும் விடவில்லை. அந்தக் கேள்வி வீண் போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எத்தனை வார்த்தை இருக்கலாம்? தமிழில் எழுதினால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

நீளமாக எழுத இடமிருக்கிற தளங்களில் 70 முதல் 120 வார்த்தை வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சிக்கும் ஒரு கருத்துக்கும் அது போதும்.

இடம் சீக்கிரம் தீர்வதற்குக் காரணம் இருக்கிறது. கணினி நம் எழுத்தை நாம் எண்ணுகிற மாதிரி எண்ணுவதில்லை. ‘சிந்தாமணி’ நமக்கு ஐந்து எழுத்து: சி, ந், தா, ம, ணி. கணினிக்கு ஒன்பது. ‘சி’ என்பதில் ச ஒன்று, மேல்விலங்கு ஒன்று. ‘ந்’ என்பதில் ந ஒன்று, புள்ளி ஒன்று. ‘ம’ மட்டும் தனியாக ஒன்று. எக்ஸ் தளத்தில் சாதாரணக் கணக்குக்கு 280 என்றால், அது தமிழில் முப்பது வார்த்தை, கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குள்ளும் சொல்லலாம்:

> 1880இல் ஒரு முன்சீப் கேட்டார்: சிந்தாமணி படித்ததுண்டா? எத்தனையோ நூல் படித்திருந்த உ.வே.சா. இல்லை என்றார். அன்றைய சிறந்த தமிழ்ப் படிப்பிலேயே பழைய காப்பியங்கள் இல்லை என்பதை அந்தக் கேள்விதான் காட்டியது. (என் சரித்திரம்)

இது 25 வார்த்தை. கணினிக் கணக்கில் 215 சொச்சம். இடம் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொரு விவரத்தைத் திணிக்க வேண்டாம். அப்புறம், இடம் பிடிக்க ‘படித்ததுண்டா’ என்பதைப் ‘படிச்சியா’ என்று வெட்டுவது, புள்ளிகளை விடுவது, சொற்களுக்கு நடுவே இடைவெளியை விழுங்குவது இதெல்லாம் கூடாது. வார்த்தை அதிகமானால் ஒரு விவரத்தை எடுங்கள், எழுத்தைக் கடிக்காதீர்கள்.

ஆசிரியர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

அந்தப் பயம் நல்லது. சுருக்கும்போது பிழை நுழைவது மிகச் சுலபம். என் முதல் வரைவு ஒன்றில், முதலியார் உ.வே.சா.விடம் ஓலைச்சுவடி கொடுத்தார் என்று எழுதியிருந்தேன். உ.வே.சா. என்றாலே ஓலைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் கை தானாக எழுதிவிட்டது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அது காகிதத்தில் எழுதி வைத்திருந்த பிரதி. சின்ன விஷயம்தான், ஆனால் படிக்கிறவர் அதை உண்மை என்று நம்பி இன்னொருவரிடம் சொல்வார். அதனால் எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, பதிவில் இருக்கிற ஒவ்வொரு பெயர், ஆண்டு, பொருளுக்கும் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். 80 வார்த்தைப் பதிவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இன்னும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. நான் மேலே எழுதிய கருத்தை உ.வே.சா. அந்த வார்த்தைகளில் எங்கும் எழுதவில்லை. அவர் காட்சியைச் சொல்கிறார். ‘மிகச் சிறந்த படிப்பிலேயே இல்லை’ என்ற முடிவு நான் எடுத்தது. அதனால்தான் ‘உ.வே.சா. சொல்கிறார்’ என்று போடாமல் ‘எனக்குத் தங்கியது’ என்று போட்டேன். அந்த இரண்டு சொல்லுக்கு ஆகிற இடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

மேற்கோள் குறிக்குள் ஒன்றைப் போட்டால் அது எழுத்துக்கு எழுத்து நூலில் இருப்பதாக இருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் குறி வேண்டாம். சுயசரிதைக்கு ஒரு கூடுதல் கவனமும் தேவை: 1880இல் நடந்த பேச்சை அவர் எழுதியது அறுபது ஆண்டு கழித்து. பேச்சு அப்படியே அந்தச் சொற்களில் நடந்ததாக நாம் உத்தரவாதம் தர முடியாது. அவர் அப்படி நினைவுகூர்கிறார் என்பதுதான் நமக்குத் தெரியும். பதிவு கொஞ்சம் நீளமாக இருந்தால் ‘என்கிறார்’ என்று ஓரிடத்திலாவது சேருங்கள்.

நாவலுக்கும் இதே மாதிரிதானா?

இல்லை. நாவலில் கருத்தைப் பிழிந்தெடுத்தால் பழமொழி மாதிரி ஒன்றுதான் கையில் வரும். அங்கே வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு பாத்திரம் எடுக்கும் ஒரு முடிவு. அது முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருகிற முடிவாக இருக்கட்டும். என்ன நடந்தது என்று சொல்லாமல், எந்த இக்கட்டில் நிற்கிறார் என்பதோடு நிறுத்திவிடுங்கள்.

முழுதாகப் படித்தும் ஒரு கருத்தும் கிடைக்கவில்லை என்றால்?

மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் போட்டுப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை என்றால் பதிவு போட வேண்டாம். அல்லது கருத்து என்று நடிக்காமல், ஒரு நல்ல தகவலைத் தகவலாகவே சொல்லுங்கள்.

பதிவு போட்டால் எல்லோரும் ‘அருமை’ என்கிறார்கள். கருத்து போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

‘அருமை’யை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் பதிவை ஒருமுறை படிக்கக் கொடுங்கள். அடுத்த நாள், பதிவைக் காட்டாமல், அது எதைப் பற்றி என்று கேளுங்கள்.

நான் என் அக்காவிடம் கேட்டேன். முதல் வரைவைப் படித்திருந்தபோது, ‘உ.வே.சா. பத்திதானே, நிறைய நூல் அச்சுப் போட்டாரே’ என்றார். திருத்தியதைப் படித்த மறுநாள், ‘அவ்வளவு படிச்சவருக்கே சிலப்பதிகாரம் தெரியலையாமே, அந்த முன்சீப்புக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?’ என்று என்னையே கேட்டார். அதற்குப் பதில் நூலில் இருக்கிறது. புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.